ஒரே கருவி, மூன்று நீளம்: வரி, பத்தி, பக்கம்

கேள்வி: "கிளினிக்குகளில் தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜின் குளிரைக் கண்காணிக்கும் கருவி எங்களுடையது. இணையதளத்துக்கு ஒரு முழுப் பக்கம் எழுதிவிட்டேன், இணைத்திருக்கிறேன். இப்போது ஆப் ஸ்டோருக்கு ஒரு வரியும், விநியோகஸ்தரின் கேட்டலாக்குக்கு 60 சொல்லுக்குள் ஒரு பத்தியும் வேண்டும். சுருக்கச் சுருக்க உயிரே போய்விடுகிறது. எப்படிச் சுருக்குவது?"

சுருக்கி இதைச் செய்ய முடியாது என்பதுதான் என் முதல் பதில். உங்கள் பக்கத்தைப் படித்தேன், வாக்கியங்களில் பெரிய குறை இல்லை. ஆனால் மூன்று நீளத்தையும் படிக்கப் போகிறவர்கள் ஒரே மனநிலையில் இருப்பவர்கள் அல்ல. ஒற்றை வரியைப் பார்ப்பவர் "இது எனக்கான பொருளா?" என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறார். பத்தி வரை வந்தவருக்கு "இப்போது நான் செய்துகொண்டிருப்பதைவிட இது எந்த விதத்தில் மேல்?" என்று தெரிய வேண்டும். முழுப் பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தவர் பாதி மனதாக வாங்கவே வந்துவிட்டார்; "வாங்கினால் எங்கே மாட்டிக்கொள்வேன்?" என்பதுதான் அவர் தேடுவது. மூன்றாவது கேள்விக்கு எழுதிய பதிலை எவ்வளவு பிழிந்தாலும் முதல் கேள்விக்கான பதில் அதிலிருந்து வராது. மருத்துவ, ஆய்வகக் கருவிகளுக்கு விவரம் எழுதுவதே பல வருடங்களாக என் வேலை. இந்தச் சிக்கலைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு புதுக் கருவியிலும் பார்க்கிறேன்.

செய்தித்தாள் முறை இங்கே உதவாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்தியில் முக்கியமானதை முதலில் வைத்து, போகப்போக முக்கியம் குறைந்ததை எழுதுவார்கள். இடம் போதவில்லை என்றால் கடைசியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். அது நடந்து முடிந்த ஒரு சம்பவத்துக்குச் சரியாக வரும். பொருளைப் பற்றிய பக்கத்தில் முக்கியம் என்பதே படிப்பவரைப் பொறுத்து மாறுகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் கருவி என்ன செய்யும் என்பது பக்கத்தில் உயிர்நாடியான தகவல், ஒற்றை வரியில் அதற்கு வேலையே இல்லை. அதனால்தான் உங்கள் பக்கத்தின் முதல் பாராவை மட்டும் தனியாக எடுத்தால் அது பத்தியாகவும் நிற்கவில்லை, வரியாகவும் நிற்கவில்லை.

அப்படியானால் மூன்றிலும் மாறாமல் இருக்க வேண்டியது எது? ஒரே ஒரு சம்பவம். ஒருவருக்கு இப்போது என்ன நடக்கிறது, கருவி வந்த பிறகு அதே நேரத்தில் என்ன நடக்கும், அவ்வளவுதான். உங்கள் பக்கத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் நாலாவது பாராவில், "24/7 கண்காணிப்பு" என்ற பொதுவான சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டி எடுப்போம். தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். கையால் குறிக்கும் இடங்களில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்துத் தாளில் எழுதுகிறார்கள். இரவு 2 மணிக்கு ஃப்ரிட்ஜ் மைனஸ் ஒன்றுக்குப் போய், 5 மணிக்குத் தானாக மேலேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வரும் நர்ஸ் 4 டிகிரியைப் பார்க்கிறார், 4 என்று எழுதுகிறார். அவர் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் அடங்கிய ஊசிகள் போன்றவை உறைந்தால் வீரியம் இழக்கும், திரும்ப இளகினாலும் அது வராது. புட்டியை மேலோட்டமாகப் பார்த்து எது உறைந்து இளகியது என்று சொல்வதும் கடினம்.

இதுதான் உங்கள் கதை. வெப்பம் கூடுவதைப் பற்றியே உங்கள் பக்கம் பேசுகிறது. உறைவதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. ஃப்ரிட்ஜ் என்றாலே குளிர் போதாமல் போவதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள், அதனால் நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வெப்பம் கூடியது காலை வரை நீடித்தால் தெர்மாமீட்டரிலேயே தெரிந்துவிடும். உறைந்து இளகியதுதான் தாளில் தடம் இல்லாமல் போவது. உங்கள் கருவி இல்லாமல் தெரியவே வராத விஷயம் எதுவோ, அதன் மீதுதான் மூன்று நீளமும் நிற்க வேண்டும்.

சம்பவம் கிடைத்துவிட்டால் நான் முதலில் எழுதுவது பத்தியை. பக்கத்தில் தொடங்கினால் எதையும் விடவேண்டிய கட்டாயம் இல்லாததால் எது முக்கியம் என்று முடிவெடுக்காமலே தப்பித்துவிடலாம். வரியில் தொடங்கினால் காதுக்கு இனிமையான ஒரு கோஷம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அதைக் காப்பாற்றவே மற்ற இரண்டையும் வளைப்போம். பத்தியில் தேர்ந்தெடுக்கவும் வேண்டும், விளக்கவும் வேண்டும். கருவியைப் பற்றி உங்கள் பக்கத்தில் உள்ள தகவல்களை மட்டும் வைத்து நான் எழுதிப் பார்த்தது இது:

"பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். காலை, மாலை என இரண்டு முறை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினால், நள்ளிரவில் உறைந்து விடிவதற்குள் இளகியது அதில் வராது. இந்தக் கருவி 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும். எல்லைக்கு வெளியே 10 நிமிடம் நீடித்தால், நீங்கள் கொடுத்த மூன்று எண்களை வரிசையாக அழைக்கும்; ஃப்ரிட்ஜை அது சரிசெய்யாது, நீங்கள் போய்ப் பார்க்க நேரம் தரும். மின்சாரம் போனாலும் பேட்டரியில் 24 மணி நேரம் ஓடும்."

இதில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். உணரியின் பெயர் இல்லை, கிளவுட் இல்லை, மாத அறிக்கை இல்லை, உங்கள் நிறுவனம் தொடங்கிய கதை இல்லை. மாத அறிக்கையை விட்டதில் எனக்கே கொஞ்சம் வருத்தம்தான், தணிக்கைக்கு அது பெரிய உதவி. ஆனால் அதைச் சேர்த்தால் பத்தி இரண்டு பொருள்களின் பத்தியாகிவிடும்: இரவில் எழுப்பும் கருவி ஒன்று, பதிவேடு எழுதும் கருவி ஒன்று. அறிக்கை பக்கத்துக்குப் போகட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "சரிசெய்யாது" என்ற வரம்பை நான் பத்தியின் கடைசியில் வைக்கவில்லை, அழைப்பைச் சொல்லும் வாக்கியத்தோடு அரைப்புள்ளி போட்டு ஒட்டியிருக்கிறேன். கேட்டலாக் தயாரிப்பவருக்கு இடம் போதாவிட்டால் கடைசி வாக்கியத்தைத்தான் வெட்டுவார், உங்களைக் கேட்கவும் மாட்டார். பேட்டரி வாக்கியம் போனால் பத்தி கொஞ்சம் இளைக்கும், பொய்யாகாது. வரம்பு போனால் வாங்குபவர் வேறு ஒரு கருவியை எதிர்பார்ப்பார். வெட்டப்பட்டாலும் பாதகமில்லாததைக் கடைசியில் வையுங்கள்.

இனி வரி. ஆப்பிள் நிறுவனம் 2001 அக்டோபர் 23 அன்று ஐபாடை அறிமுகப்படுத்தியபோது சொன்னது, ஆயிரம் பாடல்கள் உங்கள் பாக்கெட்டில் என்பது. உள்ளே இருந்தது 5 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்று வெளியிட்ட பத்திரிகைக் குறிப்பின் தொடக்கத்திலும் அதே ஆயிரம் பாடலும் பாக்கெட்டும் இருக்கின்றன; ஹார்ட் டிஸ்க், பத்து மணி நேர பேட்டரி எல்லாம் பின்னால் வருகின்றன. எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த உதாரணம்தான். ஆனால் அந்த வரி அழகாக இருக்கிறது என்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அதில் பார்க்க வேண்டியது, வரியில் இருந்த எண்ணே நீண்ட குறிப்பிலும் மாறாமல் வந்து, அங்கே தன் காரணத்தைக் காட்டியது என்பதுதான். வரி சொன்னதைப் பக்கம் நிரூபித்தது.

உங்கள் வரைவில் இருந்த வரி: "தடுப்பூசிகள் இனி ஒருபோதும் கெடாது." எழுதும்போது நன்றாக இருந்திருக்கும், ஆனால் இது பொய். உங்கள் கருவி குளிரூட்டுவதில்லை, அளக்கிறது. மூன்று எண்களையும் யாரும் எடுக்காவிட்டால் ஊசி கெடத்தான் செய்யும். நீளம் குறையும்போது முதலில் உதிர்வது "என்றால்", "வரை", "பெரும்பாலும்" போன்ற சொற்கள். பக்கத்தில் அவற்றோடு உண்மையாக இருந்த ஒரு கூற்று, பத்தியில் பாதி உண்மையாகி, வரிக்கு வரும்போது பொய்யாகிவிடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கத்தரிக்கோல் தானே செய்துவிடுகிறது. மருத்துவப் பொருளில் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக நிற்காது, கேள்வி கேட்க ஆள் வரும்.

இதற்கு வழி, நிபந்தனை தேவைப்படாத அளவுக்குச் சிறிய வினைச்சொல்லைத் தேடுவது. "கெடாது", "காக்கும்", "பாதுகாக்கும்" எல்லாம் பெரிய வினைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூன்று "என்றால்" தேவை. "தெரியும்" சிறிய வினை. உங்கள் கருவி உண்மையில் செய்வதும் அதுதான், தெரியப்படுத்துகிறது. அப்படி யோசித்தபோது முதலில் வந்தது, "குளிர் பிசகிய அந்த நிமிடமே தெரியும்". அதுவும் நிற்கவில்லை, ஏனென்றால் கருவியே 10 நிமிடம் காத்திருக்கிறது. கடைசியில் நின்றது இது:

"தடுப்பூசி ஃப்ரிட்ஜில் இரவு குளிர் பிசகினால், விடியும் முன் உங்களுக்குத் தெரியும்"

அதிகாலை 5.50-க்குப் பிசகினால் விடிந்த பிறகுதானே அழைப்பு வரும் என்று யாராவது வழக்காடலாம். அப்படி ஒருவர் ஏமாந்ததாக நினைக்க மாட்டார், அதனால் விட்டுவிடலாம். எந்த விதிவிலக்கை வரியில் விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: பின்னால் பக்கத்தில் அதைப் படிக்கும்போது வாங்குபவர் "அது சரிதானே" என்பாரா, "முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்பாரா? சிக்னல் இல்லாவிட்டால் அழைப்பு வராது என்பது முதல் வகை, போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. கருவிக்கு மாதச் சந்தா உண்டு என்பது இரண்டாம் வகை. உங்கள் பக்கத்தில் அது அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. வரியில் வேண்டாம், ஆனால் கேட்டலாக் பத்தியில் நாலு சொல்லில் சேர்த்துவிடுங்கள்.

எழுத்து எண்ணிக்கை பற்றி ஒரு சின்ன விஷயம். கூகுள் பிளேயில் குறு விளக்கத்துக்கு 80 எழுத்து வரை இடம் உண்டு. மேலே உள்ள வரியை நாம் தமிழில் எண்ணினால் 39 எழுத்து, பாதிதான். ஆனால் கணினி உயிர்மெய்யையும் புள்ளி வைத்த மெய்யையும் பெரும்பாலும் இரண்டாக எண்ணும். "தடுப்பூசி" நமக்கு 5, அதற்கு 9. இடைவெளிகளையும் காற்புள்ளியையும் சேர்த்தால் அந்த வரி சரியாக 80. முதலில் "இரவில்" என்று எழுதியிருந்தேன், 82 வந்தது. அதனால்தான் "இரவு", அதனால்தான் முற்றுப்புள்ளியும் இல்லை. ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் துணைத்தலைப்புக்கு 30 தான், அங்கே இந்த வரி நுழையாது. வரியைப் பாதியில் ஒடிக்காமல் "தடுப்பூசிக் குளிர் கண்காணி" போல வெறும் பெயர்க்குறிப்பு ஒன்றைப் போட்டுவிட்டு (அது 26), கதையை விளக்கத்தின் முதல் வாக்கியத்தில் தொடங்குங்கள்.

பக்கத்துக்கு வருவோம். அதை அழித்துப் புதிதாக எழுத வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். இப்போது உங்கள் பக்கம் நிறுவனத்தில் தொடங்கி, தொழில்நுட்பத்துக்குப் போய், பயனில் முடிகிறது. அந்த இரவில் தொடங்குங்கள்: 2 மணிக்கு மைனஸ் ஒன்று, காலையில் தாளில் 4. அதற்கு ஐந்தாறு வாக்கியம் தாராளமாகக் கொடுக்கலாம். பிறகு பத்தியில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் எடுத்து, படிப்பவர் அங்கே என்ன குறுக்குக் கேள்வி கேட்பார் என்று பாருங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் என்றால், எங்கே வைத்து அளக்கிறது? கதவைத் திறந்து மூடினாலே அலறுமா? இதற்கு உங்களிடம் அருமையான பதில் இருக்கிறது: உணரியின் முனை சிறு திரவப் புட்டிக்குள் இருப்பதால், கதவு திறந்தவுடன் மாறும் காற்றின் வெப்பத்தை விட்டுவிட்டு, ஊசிப் புட்டிக்குள் இருக்கும் திரவம் எப்படி மாறுமோ அதற்கு நெருக்கமாக அளக்கிறது. 10 நிமிடக் காத்திருப்பும் அதற்காகத்தான். நீங்கள் இதைத் தொழில்நுட்ப அட்டவணையில் ஒரு சொல்லாக விட்டிருக்கிறீர்கள். பொய் அலாரத்தில் சலித்துப்போய் பழைய கருவியை அணைத்து வைத்திருக்கும் கிளினிக்குக்கு இதுதான் வாங்குவதற்கான காரணமாக இருக்கும். இதற்கு ஒரு முழுப் பாரா கொடுங்கள்.

அடுத்து, மூன்று பேரும் எடுக்காவிட்டால்? மீண்டும் எப்போது அழைக்கும்? சிக்னல் இல்லாதபோது அளவுகளைச் சேமித்து வைத்து, வந்ததும் அனுப்பும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்லது, ஆனால் அந்த நேரத்தில் யாரையும் எழுப்பாது என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு, எல்லை தாண்டிய ஊசியைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று கருவி சொல்லுமா? சொல்லாது, எத்தனை டிகிரியில் எத்தனை நேரம் இருந்தது என்று மட்டும் காட்டும். முடிவு தயாரிப்பாளரின் வழிகாட்டுதலையும் சுகாதாரத் துறையையும் பொறுத்தது. இந்த "சொல்லாது" பக்கத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். மாத அறிக்கை, உணரியை எத்தனை காலத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும், சந்தா, எல்லாம் இதற்குப் பின்னால். நிறுவனம் தொடங்கிய கதை இந்தப் பக்கத்திலேயே வேண்டாம், அதற்குத் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்தபின் சோதிக்க, கருவியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் வரியை மட்டும் காட்டி, "இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு பக்கத்தைக் கொடுங்கள். படிக்கும்போது எங்காவது "ஓ, இது அதைச் செய்யாதா?" என்றால் வரி அதிகம் வாக்குக் கொடுத்துவிட்டது. "ஓ, இதையும் செய்யுமா?" என்றால் கவலை வேண்டாம், பக்கம் அதற்காகத்தான் இருக்கிறது. அப்புறம் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, மேலே எண்களை மட்டும் எழுதி வையுங்கள்: 2 முதல் 8, 5 நிமிடம், 10 நிமிடம், மூன்று எண்கள், 24 மணி நேரம். நாளைக்கு மென்பொருள் மாறி 10 நிமிடம் 7 ஆனால், எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கேட்டலாக்கில் ஒரு எண்ணும் இணையதளத்தில் வேறு எண்ணும் இருந்தால், வாங்குபவர் இரண்டையும் நம்ப மாட்டார்.

நான் சொன்னதில் உறுதியானது எது, என் பழக்கம் எது என்றும் பிரித்துவிடுகிறேன். மூன்றிலும் ஒரே சம்பவமும் ஒரே எண்களும் இருக்க வேண்டும், சுருங்கும்போது கூற்று பெரிதாகக் கூடாது, இந்த இரண்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்தியை முதலில் எழுதுவது என் பழக்கம். வரியிலிருந்து தொடங்கி நன்றாக எழுதுகிறவர்களும் உண்டு, குறிப்பாகப் பொருளின் வகை எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தால். இரவுச் சம்பவத்தை மையமாக வைத்ததும் கருவியைப் பயன்படுத்தும் நர்ஸையும் மருத்துவரையும் மனதில் வைத்துத்தான். உங்கள் கேட்டலாக்கை முதலில் படிப்பவர் விநியோகஸ்தரின் விற்பனையாளர் என்றால், அவருக்குப் பொருத்துவது எவ்வளவு சுலபம் என்பது இதைவிட முக்கியமாகப் படலாம். அப்படியானால் பேட்டரி வாக்கியத்தை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள், சம்பவத்தைத் தொடாதீர்கள்.

வெளியிடும் முன் உங்கள் பொறியாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளக்கிறது என்றால், ஓர் அளவு எடுத்த மறு நொடியே குளிர் பிசகினால் கருவிக்கு அது தெரியவே கிட்டத்தட்ட 5 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகுதான் 10 நிமிடக் கணக்கு தொடங்குகிறது என்றால் முதல் அழைப்பு போக 15 நிமிடம் வரை ஆகலாம். திரவப் புட்டியின் தாமதம் அதற்கு மேல். அப்படித்தான் என்று அவர் சொன்னால், பத்தியில் "10 நிமிடம் நீடித்தால்" என்று இருப்பது எழுத்துக்கு எழுத்து சரி, ஆனால் படிப்பவர் பத்தே நிமிடத்தில் போன் வரும் என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த இடத்தில் "பிசகியது முதல் அதிகபட்சம்" என்று தொடங்கி, சோதித்துப் பார்த்த நேரத்தைப் போடுங்கள். கோப்பின் மேலே உள்ள எண்களிலும் அதையே எழுதிவிடுங்கள்.